நிலை எண் எட்டு

ஆச்சிப்பிள்ளை என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் பல்லுப்போன ஒரு முகம்தான் மனதில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நாவற்குடாவில் நான் கணினி திருத்தும் கடை வைத்திருந்த காலம் அது. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்திலிருந்து, "ஆச்சிப்பிள்ளை பிறின்டரக் கழட்டிட்டா, இப்ப பூட்டத் தெரியாம இரிக்கா, ஒருக்கா வாங்க" என்று அழைப்பு வந்தது. இந்த வயதில் மனிசிக்கு ஏன் இந்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். அங்கே முழங்கை வரை மை அப்பிக்கொண்டு, முப்பது வயதுப் பெண் ஒருத்தி நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். பாட்டியைப் பெற்ற பூட்டியின் பெயரை வைத்துவிட்டார்களாம்.

"பேரக் கேட்டு வெத்திலை கொண்டு வந்தீங்களோ?" என்றாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உண்மையில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் பழுகாமத்துக்காரி. களுவாஞ்சிகுடியில் ஓர் அச்சகத்தில் கலியாணக் காட் எனும் அழைப்பிதழும் மரண அறிவித்தலும் ரைப் பண்ணிப் பழகியவள். பாமினி எழுத்துருவில்தான் தட்டுவாள். பாமினியில் ஆங்கில விசைகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்துகள் ஒளிந்திருக்கும். எந்த விசைக்குள் எது இருக்கிறது என்று விரல்தான் அறியும். அவள் விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டாள். முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே தட்டுவாள். நானோ கணினியைக் கழற்றிப் பூட்டுவேனே தவிர, தமிழில் ஒரு வரி தட்டத் தெரியாதவன்.

சுனாமியாகக் கடல் வந்த வாரத்தில் அந்த அச்சகம் இரவு பகலாக ஓடியதாம். ஒரே தாளில் ஐந்து பெயர், எட்டுப் பெயர். "அழுறதுக்கு நேரமில்ல. ஒரு எழுத்துப் பிழை விடப்படாது எண்டு மட்டும்தான் நினைச்சன். அந்தச் சனங்களுக்கு நான் செய்யக்கூடியது அதுதானே" என்று ஒருநாள் சொன்னாள். எங்கள் வீட்டிலும் சித்தப்பா குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். அந்த மூன்று பெயரையும் யாரோ பிழையில்லாமல் தட்டியிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் என் மூளையில் ஏறியது.

பிறகு இரண்டாயிரத்து ஏழில், வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமம் இருக்கும் படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குப் பயந்து பாலம் கடந்து வந்தபோது அவளும் தாய் தகப்பனோடு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே இந்தத் தொண்டு நிறுவனத்துப் பெடியன் ஒருவன் மடிக்கணினியில் குடும்பப் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தான். கண்ணகையைக் கண்ணகி ஆக்கினான். வீரகத்தியை வீரக்கத்தி ஆக்கினான். வரிசையில் நின்றவள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"தம்பி, எழும்புங்க. நான் தட்டுறன்."

எழுப்பிவிட்டு இருந்தவள்தான், அன்று மாலை வரை எழும்பவில்லை. தன் குடும்பத்தின் பெயரையும் அகதிப் பட்டியலில் தானே பதிந்தாள். அடுத்த கிழமை நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இப்படி வேலை எடுத்த ஆள் வேறு யாரையும் நான் அறியேன்.

சனம் ஊருக்குத் திரும்பிய பிறகும் வேலை தொடர்ந்தது. கடல் கொண்டுபோன வீடு, சண்டையில் உடைந்த வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே பதிவேடு. நாவற்குடா அலுவலகத்தில் ஒரு சேர்வர், அதில் எஸ்கியூஎல் சேர்வர் 2005, அதோடு பேசும் மூன்று கணினிகள். கொழும்பில் யாரோ எழுதிக் கொடுத்த வீட்டுப் பதிவு நிரல் மூன்றிலும் ஓடியது. அவளுடைய தகப்பனின் வயல் வட்டை இரண்டு போகமாக விதைக்காமல் கிடந்தது. அங்கே மிதிவெடி பார்த்து எடுத்து முடியவில்லை. ஆகவே அந்த வீட்டில் உலை வைப்பது அவளுடைய வேலைதான்.

அந்த வேலைதான் இரண்டாயிரத்து எட்டு மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை போகப் பார்த்தது.

காலை ஒன்பதரைக்கு அலுவலகப் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி எனக்கு ஃபோன் எடுத்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எதிலும் முதலில் குற்றவாளியைப் பிடித்துவிட்டுப் பிறகுதான் குற்றத்தைத் தேடுவார்.

"நிரோசன், உடன வாரும். ஆச்சிப்பிள்ளை பதிவேட்டையே பூட்டிப்போட்டா."

போனேன். மூன்று கணினியிலும் ஒரே செய்தி: பதிவு என்ற பயனருக்கு லொகின் தோல்வி. பிழை எண் 18456. நிலை 1.

நடந்தது இதுதான். கொழும்பிலிருந்து ஒரு கட்டளை வந்திருந்தது: எல்லா அலுவலகமும் சேர்வரின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். குறைந்தது எட்டு எழுத்து. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் குறியீடும் கலந்திருக்க வேண்டும். செய்யும் முறையும் ஒரு தாளில் வந்திருந்தது. முதலில் சேர்வரின் மேலாண்மைக் கருவியில் பதிவு என்ற பயனரின் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். பிறகு, மூன்று கணினிக்கும் பொதுவாகச் சேர்வரில் இருக்கும் நிரலின் அமைப்புக் கோப்பை நோட்பேட்டில் திறந்து, பழைய கடவுச்சொல் இருந்த இடத்தில் புதியதைப் போட வேண்டும். வியாழன் மாலை நான்கு மணி பஸ்ஸுக்கு முன்னால் இரண்டையும் செய்து முடித்துவிட்டு அவள் போயிருந்தாள். வெள்ளி காலையில் யாருக்கும் கதவு திறக்கவில்லை.

"இவ அந்த யூசரையே அழிச்சுப்போட்டா" என்றார் வினாயகமூர்த்தி. "கொழும்பிலயும் அப்பிடித்தான் சொல்லுறாங்க. இல்லாட்டி யூசர வேணுமெண்டு நிப்பாட்டியிரிக்கா. புது பாஸ்வேட்ட கேட்டா சொல்லுறாவும் இல்ல."

"நான் ஒண்டும் அழிக்கேல்ல சேர். பாஸ்வேட்ட ஆருக்கும் சொல்லப்படாது எண்டு அந்தத் தாளிலதான் போட்டிரிக்கு."

"நாலு மணிக்கு வாகரைக் குடும்பங்கட வீட்டுப் பட்டியல் கொழும்புக்குப் போக வேணும். போகாட்டி, அடுத்த மாசம் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஆக்களில உங்கட பேர் இருக்காது."

பக்கத்து மேசையில் காத்தான்குடி ஜெமீலா, அவளோடு பதிவு வேலை செய்பவள், நெஞ்சில் கை வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைச் செய்தியின் முதல் வரியை வாசித்துவிட்டு ஆளைத் தூக்கில் போடும் மனிதர்களை என்னால் சகிக்கவே முடியாது.

"சேர், லொகின் தோல்வி எண்டால் வாசல்ல நிக்கிற காவல்காரன் உள்ள விடேல்ல எண்டு மட்டும்தான் அர்த்தம். ஏன் விடேல்ல எண்டு அவன் வெளியில நிக்கிறவருக்குச் சொல்ல மாட்டான்."

"ஏன் சொல்லக்கூடாது?"

"பேர் சரி, பாஸ்வேட் மட்டும் பிழை எண்டு சொன்னால் கள்ளன் பாதி வேலையை முடிச்ச மாதிரித்தானே? அதனால எல்லாருக்கும் நிலை ஒண்டு எண்டுதான் காட்டும். உண்மையான நிலை எண்ணை உள்ளுக்க தன்ர குறிப்பில எழுதி வைக்கும்."

சேர்வருக்கு முன்னால் இருந்து, அதன் பிழைப் பதிவுக் கோப்பை நோட்பேட்டில் திறந்தேன். கடைசிக்குப் போனேன். அன்று காலை எட்டு ஐம்பத்திரண்டிலிருந்து இரண்டு இரண்டு வரிகளாக அடுக்கியிருந்தது. ஒரு வரியில் பிழை 18456, கடுமை 14, நிலை 8. அதற்குக் கீழே பயனரின் பெயரும், எந்தக் கணினியிலிருந்து தட்டினார்கள் என்ற முகவரியும். 2005 பதிப்பு காரணத்தை வாக்கியமாக எழுதாது; எண்ணை மட்டும் எழுதும். எண்ணுக்கு என்ன பொருள் என்று நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான் இணையத்திலிருந்து இறக்கிய பட்டியலை என் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருந்தேன்.

"இஞ்ச பாருங்க சேர். யூசர அழிச்சிருந்தால் நிலை அஞ்சு. நிப்பாட்டியிருந்தால் ஏழு. உள்ள வர விட்டு, கேட்ட தரவுத்தளம் திறபடாட்டி பதினாறு. இது எட்டு. யூசர் இரிக்கார், பேர் சரி, நிப்பாட்டப்படவும் இல்ல. வந்த பாஸ்வேட் மட்டும் பொருந்தேல்ல."

ஆச்சிப்பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. ஆனால் வினாயகமூர்த்தி எட்டையும் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"அப்ப பாஸ்வேட்டப் பிழையாப் போட்டிரிக்கா. ஆள் அதேதானே!"

மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"நான் மறுகா ஒருக்காத் தட்டிக் காட்டுறன்" என்று அவள் எழும்பி வந்தாள். மேலாண்மைக் கருவியைத் திறந்து, பதிவு என்ற பயனரின் பெயரைப் போட்டு, கடவுச்சொல் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு எட்டு விசை தட்டினாள். எட்டுக் கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான், சேர்வர் வழிவிட்டது. பதிவேட்டின் அட்டவணைகள் எல்லாம் வரிசையாக விரிந்தன.

இப்போது என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவள் தட்டினால் அதே கடவுச்சொல் சரி. நிரல் கொண்டுபோனால் பிழை. விரலுக்கும் கோப்புக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் விளங்கியது.

"கோப்பில என்ன எழுதினீங்க எண்டு நான் பாக்க வேணும்" என்றேன்.

அவள் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். "வேற வழியில்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு பாமினி தெரியுமா?"

"எனக்கு என்னத்துக்கு பாமினி? நான் என்ன கலியாணக் காட்டா அடிக்கிறன்?"

ஏன் கேட்டாள் என்று நான் யோசிக்கவும் இல்லை. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வினாயகமூர்த்தி வேறு சுவர்க் கடிகாரத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு விலகினாள். கோப்பைத் திறந்தேன். சேர்வரின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், பயனரின் பெயர், எல்லாம் ஒரே நீள வரியில். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் ஓர் அரைப்புள்ளி. கடைசியில் இது:

Password=epNuhrd;;

"இதென்ன, பூனை நடந்த மாதிரி?" என்றேன். ஜெமீலா எட்டிப் பார்த்தாள். ஒரு கணம் பார்த்துவிட்டு முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தன் மேசைக்கு ஓடிவிட்டாள். தும்மல் என்று நினைத்தேன்.

இரண்டு அரைப்புள்ளி பக்கத்தில் பக்கத்தில் நின்றதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா! விரல் தடுக்கி இரண்டு தரம் தட்டியிருக்கிறாள். பெரிய வைத்தியர் மாதிரி ஒன்றை அழித்துச் சேமித்துவிட்டு, "இப்ப பாருங்க" என்று ஜெமீலாவிடம் சொன்னேன். அவள் நிரலைத் திறந்தாள். லொகின் தோல்வி. பிழைப் பதிவைப் பார்த்தேன். நிலை எட்டு. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நான் ரெண்டு தரம் தட்டேல்ல" என்றாள் ஆச்சிப்பிள்ளை. குரலில் அச்சகத்துக் கோபம். "நான் எழுத்துப் பிழை விடுற ஆள் இல்ல. பழைய பாஸ்வேட்ட எடுத்திட்டு புதுச எழுதினன். எட்டெழுத்து. மறுகா ஏற்கனவே அங்க இருந்த அந்தக் கமா மாதிரிச் சாமான். அதுல நான் கையே வைக்கேல்ல."

எட்டெழுத்து. விரலால் எண்ணினேன். e, p, N, u, h, r, d. ஏழுதான். எட்டாவது எங்கே?

"கடைசி எழுத்து அரைப்புள்ளியா?"

"ஓம். அது இல்லாம எப்பிடி?"

அரைப்புள்ளி இல்லாமல் ஒரு கடவுச்சொல் ஏன் இருக்கக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மற்ற எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டேன். அந்த நீள வரியில் அரைப்புள்ளி என்றால் ஒரு விடயம் முடிந்துவிட்டது, அடுத்ததற்குப் போ என்று பொருள். நிரல் இடமிருந்து வாசித்துக்கொண்டு வருகிறது. ஏழு எழுத்து முடிந்ததும் முதல் அரைப்புள்ளியைக் காண்கிறது. கடவுச்சொல் முடிந்தது என்று நினைக்கிறது. இரண்டாவதை வெறுமையாக எண்ணித் தாண்டிவிடுகிறது. சேர்வருக்குப் போனது ஏழு எழுத்து. சேர்வர் வைத்திருப்பது எட்டு. பொருந்தவில்லை. நிலை எட்டு என்று நேர்மையாக எழுதி வைத்துவிட்டது. கருவியில் அவள் தட்டியபோது கடவுச்சொல்லுக்குத் தனிப் பெட்டி இருந்ததால் எட்டும் குறையாமல் போயிருக்கிறது.

"சேர், இவ பிழை விடேல்ல. கடைசி எழுத்த நிரல் விழுங்கிப்போட்டு. தாள் எழுதினவங்கள்தான் பிழை. குறியீடு கட்டாயம் வேணும் எண்டு சொன்னவங்கள், அரைப்புள்ளி வந்தால் மேற்கோளுக்குள்ள போட வேணும் எண்டு சொல்லேல்ல."

அழித்த அரைப்புள்ளியைத் திரும்பப் போட்டு, கடவுச்சொல்லின் எட்டு எழுத்தையும் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தேன்.

Password='epNuhrd;';

ஜெமீலா நிரலைத் திறந்தாள். வாகரையின் நானூற்றுப் பதினேழு குடும்பமும் திரையில் வந்து இறங்கின. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது. ஆச்சிப்பிள்ளை கதிரையில் தொப்பென்று இருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, துடைத்ததை மறைக்க மூக்கையும் துடைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எழுத்துப் பிழை விடவில்லை என்று மூன்று மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், கடைசியில் விடாமல்தான் இருந்திருக்கிறாள்.

பட்டியல் மூன்று மணிக்கே கொழும்புக்குப் போய்விட்டது. வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"பிள்ள, நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டன். மனசில வைக்காதயுங்க. புதுப்பிக்கிற ஆக்களில முதல் பேர் உங்கடதான்." திரும்பி என்னிடம், "ரெண்டு பேரும் சேர்ந்து நடந்ததை ஒரு பக்கம் எழுதித் தாங்க. கோப்பில போட வேணும். வாகரை ஒஃபிசிலயும் இதே பிழை வரலாம்."

அவள் தட்டினாள், நான் சொன்னேன். பாமினியில் அவள் விரல் ஓடிய வேகத்துக்கு என் வாய் ஓடவில்லை. அன்று மாலையே கடவுச்சொல்லை வேறாக மாற்றுவதாக இருந்தது. ஆகவே பழையதை உதாரணமாகப் போடலாம் என்று நான் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவள் விரல் நின்றது.

"அது வேணாம்."

"உதாரணம் இல்லாட்டி வாகரை ஆக்களுக்கு விளங்காது."

"விளங்காட்டிப் போகட்டும்."

"என்ன வேணாம்? இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினதே அதுக்காகத்தானே!"

அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மீதியை மளமளவென்று தட்டி முடித்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அவள் கதிரையில் இருந்தேன். வெறுமையாக இருந்த இடத்தில் எலியைச் சொடுக்கினேன். அமைப்புக் கோப்பைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினேன்.

e தட்டினேன். ந வந்தது. எழுத்துரு பாமினியில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மாற்றுவோம் என்று நினைத்தேன். ஆனால் கை அடுத்த விசைக்குப் போய்விட்டது. p. ந-வின் தலையில் விசிறி ஏறி நி ஆனது. N தட்ட ஓர் இரட்டைக்கொம்பு வந்து தனியாக நின்றது. u. ரகரம். h. அதற்குப் பக்கத்தில் ஓர் அரவு, அந்தத் துணைக்கால். r. சகரம். d. னகரம்.

நிரோசன.

மிச்ச எழுத்து எது என்று கோப்பைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. சின்னவிரலை அரைப்புள்ளிமேல் வைத்து அழுத்தினேன். னகரத்தின் தலையில் ஒரு புள்ளி, எங்கள் பேச்சில் குத்து, ஏறியது.

நிரோசன்.

எங்கேயோ பிழையாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன். திரும்பவும் என் பெயர்தான் வந்தது. பக்கத்து மேசையில் ஜெமீலா இந்த முறை வாயைப் பொத்தவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு, "நான் இண்டைக்கு வெள்ளன வீட்ட போறன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆச்சிப்பிள்ளை இரண்டு கிளாசோடு வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிளாசை மேசையில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"காலையில இருந்து சேர்வருக்குப் போனது நிரோசன எண்டுதான்" என்றாள். "குத்து விழுந்துபோச்சு. குத்தில்லாமப் போன ஆள அது உள்ள விடாதது சரிதானே."

"இத முதலே சொல்லியிருக்கலாமே" என்று உளறினேன். "வேலை போகப் பாத்ததே!"

"வேலை போனா வேற வேலை தேடலாம். வினாயகமூர்த்தி சேருக்கு முன்னால இத வாசிச்சுக் காட்டிட்டு நான் எந்த ஊருக்குப் போற?"

சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் ஏழு வருசம் கணினியோடு மல்லுக்கட்டியவன் வாயில் வந்தது, எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்கும் அந்த ஒரே கேள்விதான். தாய் வழியில் இரண்டு பேரும் ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறையாகிவிடும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"உங்கட... உங்கட குடி என்ன?"

அவள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அதெல்லாம் போன ஆவணியிலயே விசாரிச்சிட்டன். வேற வேற குடிதான். குடியுங்க, ஆறப்போகுது."